மூன்றாம் இணைப்புக்குப் போனவள்

முப்பத்தெட்டுப் பக்கம். அதில் "தேநீர் வழங்கப்பட்டது" என்பது மட்டும் இருபத்தேழு இடத்தில் இருந்தது. வேலையற்றுப் போய் எண்ணவில்லை, எரிச்சலில் எண்ணினேன். மரக்காணம் கடைத்தெருவில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் இயங்கிய தொண்டு நிறுவனம் அது. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் கால் புண்ணைக் குறைப்பதற்காக மூன்று வருடம் நிதி வாங்கியிருந்தார்கள். மூன்று வருடமும் முடிந்துவிட்டது. இறுதி அறிக்கை போக வேண்டும். அதற்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்று புதுச்சேரியிலிருந்து என்னை வரவழைத்திருந்தார்கள்.

ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட அறிக்கைகளை அடித்துத் திருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இருபது வருடமாகச் செய்கிறேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இந்தக் கதையில் அது வரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் பன்னிரண்டு பக்கம் செயலாளர் எழுதியது. நிறுவனத்தின் தலைவர், பொருளாளர், வாசலில் கோலம் எல்லாமே அவர்தான். குத்துவிளக்கை யார் ஏற்றினார், பொன்னாடையை யார் போர்த்தினார், மைக் வேலை செய்யாமல் போனபோது யார் நிலைமையைச் சமாளித்தார் என்று பன்னிரண்டு பக்கம்! அடேயப்பா, கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பெயர் இருக்காது. மீதி இருபத்தாறு பக்கம் களப்பணியாளர் எழுதியது. "காலை ஐந்தரை பஸ்ஸில் நான் சென்றேன். பெண்கள் வேலையில் இருந்தபடியால் நான் வரப்பில் காத்திருந்தேன். நான் பேசினேன். கால்களைப் பார்த்தேன். தேநீர் வழங்கப்பட்டது. நான் திரும்பினேன்." மறுநாள் மறுபடியும் நான் சென்றேன், நான் காத்திருந்தேன்.

"என்ன சார் இது? ரிப்போர்ட்டா, பஸ் டைம்டேபிளா?" என்று கேட்டேன்.

செயலாளர் சிரித்தார். "நடந்ததெல்லாம் அப்பிடியே எழுதியிருக்கோம் மேடம். ஒண்ணு விடல."

"அதுதான் சார் கோளாறு. நீங்க என்ன பண்ணீங்கன்னு அவங்க கேக்கல. நீங்க பண்ணதால யாருக்கு என்ன மாறிச்சுன்னு கேக்கறாங்க."

அப்போது கதவருகே நின்றிருந்த களப்பணியாளரை முதன்முதலாகப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு பெரிய துணிப்பை. கணுக்காலில் பழைய புண்களின் கறுப்புத் தழும்பு. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பத்து வருடம் அதே உப்பளத்தில் உப்பு வாரியவள்.

"நல்லா எழுதுங்க மேடம்," என்றாள். "ரெண்டாவது கட்டத்துக்குப் பணம் வந்தாதான் எனக்கு வேலை. இல்லன்னா நானும் மறுபடி உப்புப் பாத்தியில எறங்க வேண்டியதுதான். என்னோட போனா பரவால்ல, அவங்க காலும் பழையபடி ஆயிடும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்மா," என்றேன். ஊருக்கெல்லாம் சொல்லும் பதில். ஆனால் அன்றைக்கு மனசாரத்தான் சொன்னேன்.

நிதி கொடுக்கும் அலுவலகத்தில் அறிக்கை படிப்பவர் யார் என்று இவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சென்னையில் ஒரு பெண், கெட்டிக்காரி, நாற்பது நிறுவனத்துக்கு அவள் ஒருத்தி. ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரியைப் படிப்பாள், அட்டவணையைப் பார்ப்பாள், முடிந்தது. அதனால் மாற்றம் முதல் வரியிலேயே வர வேண்டும்: யாருக்கு, என்ன, எவ்வளவு, முன்பு எப்படி இருந்தது, எங்களுக்கு எப்படித் தெரியும். குத்துவிளக்கு, கூட்டம், தேநீர் எல்லாம் பின்னால் சேர்க்கும் இணைப்புக்குப் போக வேண்டும். இணைப்பை எவரும் திறப்பதில்லை. "இணைப்புங்கறது எதுக்கு? தூக்கிப் போட மனசு வராததை வைக்கறதுக்கு," என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தேன்.

செயலாளர் தம் சாதனையாகச் சொன்னது பூட்ஸ். அறுபது ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். கொடுத்த அன்று அறுபது பெண்களும் பூட்ஸோடு வரிசையில் நிற்க, நடுவில் இவர் நிற்கும் படம் சுவரில் தொங்கியது. அதைத்தான் ஆதாரம் என்று காட்டினார். வேலிக்கு ஓணான் சாட்சி! நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் ஏதோ ஒரு செயலியில் கொடுத்து எழுதி வாங்கி வந்தார். பூட்ஸ் இப்போது "உழைக்கும் மகளிரின் கண்ணியத்தை நோக்கிய மாபெரும் பயணம்" ஆகியிருந்தது.

"பயணம் எதுவரைக்கும் போச்சு சார்? பாத்தி வரைக்கும் போச்சா?" என்று கேட்டேன். களப்பணியாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் விடிந்ததும் அவளோடு உப்பளத்துக்குப் போனேன். பூட்ஸ் போட்ட கால் ஒன்றுகூட இல்லை. கங்காணியிடம் கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, சாமி அறைக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல.

"பாத்தியில செருப்புக்காலே வைக்கக் கூடாதும்மா, பூட்ஸு வைப்பாங்களா? இந்தத் தரை சும்மா வந்துச்சா? வெறுங்காலால மிதிச்சு மிதிச்சு கெட்டிப் பண்ணது. குதிகாலு ஒரு எடத்துல பள்ளம் போட்டா களிமண்ணு கெளம்பி உப்பு கறுத்துடும். கறுத்த உப்ப எவன் வாங்குவான்? ஒங்க சாருக்குச் சொன்னேனே, போட்டோ எடுக்கற அவசரத்துல அவரு காதுல விழல."

அறுபது ஜோடி! உப்பளத்து ஊரிலேயே அலுவலகம் வைத்துக்கொண்டு, பாத்திக்குள் செருப்பு ஆகாது என்பது தெரியாமல் வாங்கியிருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான். பூட்ஸெல்லாம் எங்கே என்று கேட்டேன். ஒருத்தியின் வீட்டுக்காரர் மழைக்காலத்தில் ஏரிக்குப் போட்டுப் போகிறாராம். இன்னொருத்தி அதில் துளசி வைத்திருக்கிறாளாம். சொல்லிவிட்டு அவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் அவர்கள் காலில் வேறொன்று இருந்தது. பழைய ஜீன்ஸ் துணியில் முழங்கால் வரைக்கும் தைத்த காலுறை, அடியில் நான்கு மடிப்பு, மேலே நாடா. மெத்தென்று இருப்பதால் தரையில் பள்ளம் விழாது. உப்புக் கல்லின் கூர் காலைக் கிழிக்காது. உள்ளே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள். முப்பத்தாறு பேர் இப்படிப் போட்டிருந்தார்கள். முப்பத்தெட்டுப் பக்க அறிக்கையில் இதற்கு ஒரே ஒரு வரி, அதுவும் இருபத்தொன்பதாம் பக்கத்தில்: "சில பெண்கள் துணி அணிந்து வேலை செய்கிறார்கள். தேநீர் வழங்கப்பட்டது."

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஏம்மா, இதைப் போய் ஏன் ஒளிச்சு வெச்சே?" என்று களப்பணியாளரிடம் கேட்டேன்.

"இது திட்டத்துல இல்லியே மேடம். திட்டத்துல பூட்ஸுதான இருக்குது. துணின்னு எழுதுனா சார் கோச்சுப்பாருன்னு..."

"யாரு தச்சது இதெல்லாம்?" என்று பெண்களைக் கேட்டேன்.

ஒரு வயதான அம்மா, "மொத ஜோடி இந்தப் பொண்ணு தச்சுதும்மா. அப்புறம் நாங்களே தச்சுக்கறோம், இது வெட்டிக் குடுத்தா," என்றாள்.

என் நோட்டில் "நாங்களே தைத்துக்கொள்கிறோம்" என்று எழுதினேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். மேற்கோள் என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. கொள்கையாம், மண்ணாங்கட்டி.

திரும்பும்போது களப்பணியாளர் தன் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருத்தியின் காலையும் பார்த்து, புண் இருந்தால் ஒரு குறி, புண்ணால் வேலைக்கு வராத நாளுக்கு ஒரு குறி. யாருக்கு அடித்துணி எப்போது மாற்ற வேண்டும் என்பதற்குத் தனிக் கட்டம். மூன்று வருடம் ஒரு வாரம் விடாமல் எழுதியிருந்தாள். லட்ச ரூபாய் கொடுத்து ஆய்வாளரை வைத்திருந்தால்கூட இப்படி ஒரு கணக்கு கிடைத்திருக்காது. நான் இதை அப்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். "இது போதும், நான் எடுத்துட்டுப் போறேன்," என்று மட்டும் சொன்னேன்.

நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். கடைசிப் பருவத்தில் கோடையிலேயே மழை கொட்டி வேலை கெட்டிருந்தது. மொத்த நாளை மொத்த நாளோடு வைத்துப் பார்த்தால் பொய்யாகிவிடும். அதனால் மழை இல்லாத இரண்டு மாதத்தை முதல் வருடத்தின் அதே இரண்டு மாதத்தோடு வைத்தேன். அந்த முப்பத்தாறு பேரும் புண்ணால் இழந்த வேலை நாள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. முதல் வரி அதுதான். இரண்டாம் வரி, எங்களுக்கு எப்படித் தெரியும் என்பது: வாரம்தோறும் எடுத்த பதிவு. மூன்றாவது பத்தியின் முதல் வரி: "பூட்ஸ் தோற்றது."

அந்த வரியைப் பார்த்ததும் செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மேடம், நம்ம தலையில நாமளே மண்ணப் போட்டுக்கறதா?"

"அவங்க நேர்ல வந்து பூட்ஸ் எங்கன்னு கேட்டா துளசிச் செடியக் காட்டுவீங்களா சார்?"

உட்கார்ந்துவிட்டார். தோல்வியைக் கற்றுக்கொண்ட பாடமாக எழுதினால் நிதி கொடுப்பவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று ஆறுதல் சொன்னேன். உடனே முகம் மலர்ந்து, அப்படியென்றால் இன்னும் ஒன்றிரண்டு தோல்வி சேர்க்கலாமா என்று கேட்டார். மனிதர் அப்படி.

பிறகு அந்த இணையப் படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்கு இத்தனை எழுத்துதான் என்று ஒரு கணக்கு. தாண்டினால் சிவப்பாகிவிடும். ஆங்கிலத்தில் எழுதினேன், வெட்டினேன், மறுபடியும் வெட்டினேன். வெட்டுவதற்கு எளிதாக இருந்தவை "நான் சென்றேன், நான் காத்திருந்தேன், நான் பார்த்தேன்" எல்லாம்தான். செயல் இணைப்புக்குப் போகட்டும், மாற்றம் மட்டும் நிற்கட்டும். இருபத்தாறு பக்கத்திலும் இருந்த "நான்" அத்தனையையும் வாரி மூன்றாம் இணைப்பில் கொட்டினேன். நோட்டையும் ஒளிநகல் எடுத்து அங்கேயே போட்டேன்.

கடைசிக் கட்டம்: திட்டம் முடிந்த பிறகும் பலன் நிலைக்குமா? எல்லோரும் இந்த இடத்தில்தான் வழவழவென்று எழுதிக் கெடுப்பார்கள். நான் ஒரே வரியில் முடித்தேன்: "காலுறைகளைப் பெண்கள் தாங்களே தைத்துக்கொள்கிறார்கள்." எத்தனை அழகான வரி! கட்டத்தில் பாதி காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே தையல் கடையில் இறங்கி டீ சொல்லிக் குடித்தேன். மேசைக்கு அடியில் பழைய ஜீன்ஸ் கால்கள் ஒரு மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. "மாடி ஆபீஸ் பொண்ணுக்கு எடுத்து வெச்சிருக்கேன், வாரா வாரம் வந்து அளவு பாத்து வெட்டி எடுத்துட்டுப் போவுது," என்றார் கடைக்காரர். டீ நன்றாக இருந்ததா என்றும் கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். மேலே போய் அனுப்பிவிட்டேன்.

களப்பணியாளருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை தமிழில் வாசித்துக் காட்டியிருக்கலாம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவளுடைய வேலையைப் பற்றிய அறிக்கையை அவளிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று இந்தப் பெரிய மனுஷிக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் செயலாளர் போன் செய்தார். குரலில் பொன்னாடை போர்த்திய குதூகலம். "ரெண்டாவது கட்டம் வந்துடுச்சு மேடம்! நம்ம ரிப்போர்ட்ட மாதிரியா வெச்சு மத்தவங்களுக்கெல்லாம் காட்டறாங்களாம்!"

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அதுதான் மேடம்... அந்த வேலைக்கு மட்டும் இந்தத் தடவ எடம் இல்ல. பெண்களே தச்சுக்கறாங்க, நிலைச்சு நிக்குது, இனிமே களத்துல ஆள் தேவயில்லன்னு எழுதியிருக்காங்க. பதிலா வீடியோ எடுக்கச் சொல்றாங்க. தைக்கறது எப்பிடின்னு இருவது நிமிஷ வீடியோ. கடற்கரை பூராவும் பரப்பணுமாம்."

கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டப் போனானாம்.

உடனே சென்னைக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் பேசினாள். "ரொம்ப சூப்பரான ரிப்போர்ட் மேடம். ரெண்டே நிமிஷத்துல புரிஞ்சுடுச்சு."

"அந்தக் களப்பணியாளர் இல்லன்னா அங்க ஒண்ணும் நடக்காதும்மா. துணி சேக்கறது அவ, அளந்து வெட்டறது அவ. மூணு வாரத்துக்கு ஒரு தடவ அடித்துணி மாத்தலன்னா உப்பு ஏறி வெறச்சு அதுவே கால அறுக்கும். அத வாரா வாரம் பாத்துச் சொல்றதும் அவதான்."

"அப்படியா? ரிப்போர்ட்ல எங்கயும் வரலயே மேடம்."

"மூணாவது இணைப்புல இருக்கு."

சங்கடத்தோடு சொன்னாள்: "இணைப்ப யாரும் தெறக்க மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும் இல்ல மேடம்? கமிட்டி கையெழுத்துப் போட்டாச்சு. அடுத்த வருஷப் பரிசீலனைல எழுதிக் குடுங்க, கண்டிப்பா பாக்கறேன்." அவளைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எதைச் சொல்லித் திட்டுவது? எப்படிப் படிப்பாள் என்று நினைத்து எழுதினேனோ அப்படித்தான் படித்திருந்தாள்.

இருபது வருடமாக ஊர் முழுக்கக் குறை சொல்லித் திரிந்திருக்கிறேன். இவருக்குப் படமெடுக்கத்தான் தெரியும், அவளுக்கு எழுதத் தெரியாது, இவர்களுக்குப் படிக்கப் பொறுமையில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்? மாற்றத்தை எழுதும்போது அதில் நம் பங்கு என்ன என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அடுத்தவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். கட்டத்தில் பாதி இடம் வேறு காலியாகக் கிடந்தது. அந்த வரி எழுதத் தாராளமாக இடம் இருந்தது. அழகு கெட்டுவிடும் என்று விட்டேன். அதுதான் உண்மை. வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் முதல் பஸ் பிடித்து மரக்காணம் போனேன். அவள் பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பலகையை வைத்துவிட்டு வரப்பில் ஏறி வந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்துப் பேச வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே தயார் செய்திருந்தேன். "வெயில்ல எதுக்கு மேடம் வந்தீங்க?" என்றாள்.

"என்னாலதான் உனக்கு வேலை போச்சு. நான் எழுதுன லட்சணம் அப்பிடி."

"சார் சொன்னாரு, ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்களாமே. என்ன எழுதுனீங்க? எனக்கு யாருமே படிச்சுக் காட்டல."

போனில் அறிக்கையைத் திறந்தேன். வரப்பில் உட்கார்ந்து தமிழில் வரி வரியாகச் சொன்னேன். வேலைநாள் இழப்பு பாதிக்கும் கீழே வந்ததைச் சொன்னேன், பூட்ஸ் தோற்றதைச் சொன்னேன். அதற்குச் சிரித்தாள். கடைசி வரியையும் சொன்னேன். கன்னத்தில் கையை வைத்து, யாரோ தெரியாதவர் கதையைக் கேட்பதுபோல முழுவதும் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது மேடம்," என்றாள். "நான் ஒரு நாளும் வராமலே எல்லாம் நடந்துருக்குது."

மன்னிப்பு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் நோட்டு உங்ககிட்டதான இருக்குது? குடுத்துட்டுப் போங்க. யாருக்கு எப்ப அடித்துணி மாத்தணும்னு அதுலதான் இருக்குது. ரெண்டரை மாசமா தோராயமாத்தான் பாத்துட்டு இருக்கேன்."

எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கட்டங்களில் விரலை ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினாள். கங்காணி அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரா என்று பார்த்தாள். பிறகு பாத்தியில் நின்ற வயதான அம்மாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"யக்கா, இங்க வா. காலக் காட்டு."